ஃபைலை மூடி வைக்கிறேங்ணா

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். "சொல்றேங்க" என்பார்கள். "பாத்துக்கலாங்க", "ஆடி போகட்டுங்க", "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேங்க" என்று அதிலேயே நாலைந்து ரகம் உண்டு. ஏர் கம்ப்ரசர் விற்கிற வேலைக்கு வந்து 15 வருஷம் ஆகிறது. இதில் எந்தச் "சொல்றேங்க" நிஜம், எந்தச் "சொல்றேங்க" கும்பிடு போட்டு வாசல் வரை வந்து வழியனுப்புகிற ரகம் என்று பிரித்துப் பார்க்கவே எனக்குப் பாதி சர்வீஸ் போய்விட்டது. வழியனுப்புகிற ரகம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை அதற்கும் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றித்தான் இது.

2023 பிப்ரவரி. கணபதியில் ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் யூனிட், ஏழு மெஷின். முதலாளிக்கு அறுபது வயசு இருக்கும், லேத்தில் நின்று வேலை பார்த்து மேலே வந்தவர். 10 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் ஒன்றை வைத்துக்கொண்டு, அது காலையில் இருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடுகிறது, இருந்தும் மத்தியானத்துக்கு மேல் பிரஷர் இறங்கி மெஷின் அலாரம் அடிக்கிறது என்று கூப்பிட்டார். பிஸ்டன் கம்ப்ரசர் அப்படி ஓடக் கூடாது. நடுநடுவே நின்று ஆறி ஓட வேண்டிய வண்டி அது. நிற்காமல் ஓடினால் ஹெட் சூடேறி வால்வு பிளேட் போய்விடும். நாள் முழுக்க நிற்காமல் ஓடக் கூடிய 15 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர், கூடவே காற்றில் இருக்கிற ஈரத்தை எடுக்கிற டிரையர் என்று கொட்டேஷன் கொடுத்தேன். நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, ஜி.எஸ்.டி. தனி.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி, ஷிப்ட் முடிந்த பிறகு போய் லீக் டெஸ்ட் எடுத்தேன். இதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதில்லை, ஆனால் செய்வது ரொம்ப சுலபம். எந்த மெஷினும் காற்று எடுக்காதபோது கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். டேங்க் நிறைந்து கட் ஆப் ஆகும். பைப்பில் ஓட்டையே இல்லை என்றால் அப்படியே நிற்கும். ஓட்டை இருந்தால் பிரஷர் இறங்கி மறுபடி ஓட ஆரம்பிக்கும். எத்தனை செகண்ட் ஓடுகிறது, எத்தனை செகண்ட் நிற்கிறது என்று மூன்று நாலு தடவை குறித்து சராசரி எடுத்தால் கணக்கு வந்துவிடும். அங்கே 48 செகண்ட் ஓடியது, 102 செகண்ட் நின்றது. மொத்தம் 150க்கு 48, அதாவது 32 சதவீதம். கம்ப்ரசர் தள்ளுகிற காற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல லைன் என்போம். அவரிடம் சொன்னேன், தலையை ஆட்டினார், "சரி பண்ணிடலாங்க தம்பி" என்றார். நான் கொட்டேஷனைத் தள்ளுவதிலேயே குறியாக இருந்ததால் அந்த எண்ணை எழுதிக் கொடுக்கவில்லை. இது பின்னால் வரும்.

அப்புறம் வழக்கமான கதைதான். மார்ச்சில் கேட்டால், "வருஷக் கடைசிங்க, ஆடிட்டர் பிஸியா இருக்கார்." ஏப்ரலில் கம்பெனி விலைப்பட்டியல் மாறிவிட்டது, "பழைய விலைக்கே பேசி வாங்கித் தர்றேங்ணா, இந்த வாரம் ஆர்டர் போடுங்க" என்றேன், "பேங்க்ல கேட்டிருக்கோங்க" என்றார். ஜூனில் நேரில் போனேன், டீ வாங்கிக் கொடுத்தார், கம்ப்ரசரைத் தவிர எல்லாம் பேசினார். ஜூலை பாதியில் ஆடி வந்தது. ஆடியில் புது மெஷின் இறக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஆடி என்பது வாங்க நினைக்காதவருக்குக் கிடைக்கிற ஒரு மாச லீவு என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆவணி பிறந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் "வணக்கங்ணா, சும்மா ஞாபகப்படுத்தத்தான்" என்று போட்டேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அந்த வாரமே சத்தி ரோட்டில் ஒரு பேக்கரியில் அவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். போன் அடிக்கவே இல்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு என் மேல் கோபம் இல்லை. கம்ப்ரசர் மேலும் இல்லை. ராத்திரி வந்து டெஸ்ட் எடுத்துக் கொடுத்த பையனிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத சங்கடம்தான். ஏழு மாசம் "சொல்றேங்க" சொன்னதில் அது வட்டி போட்டு ஏறியிருக்கிறது. என்னிடம் கடன்பட்டவர் மாதிரி ஆகிவிட்டார். கடன்காரன் தெருவில் வந்தால் நாம் எப்படிச் சந்துக்குள் திரும்புவோமோ அப்படித்தான் அவர் திரும்பினார். இனி அவருக்கு நாளைக்கே கம்ப்ரசர் தேவைப்பட்டாலும் என்னைக் கூப்பிட மாட்டார், வேறு டீலரைக் கூப்பிடுவார், ஏனென்றால் அந்த டீலரிடம் அவருக்குப் பழைய பாக்கி எதுவும் இல்லை. இதை யோசித்துப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. என் லிஸ்டில் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள்.

அதனால் அந்த "வேண்டாம்"ஐ அவர் சார்பில் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்படிச் சொல்லி முடிக்கிற மெசேஜை நான் அதற்கு முன்னாலும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நான் என்னமோ புத்திசாலி மாதிரி ஆகிவிடும். இது நடப்பதற்கு நாலைந்து வருஷம் முன்னால், அரசூர் பக்கம் ஒரு பவுண்டரிக்கு மெயில் போட்டேன். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "பலமுறை தொடர்பு கொண்டும் தங்களிடமிருந்து பதில் வராத காரணத்தால், தங்களுக்கு இதில் விருப்பமில்லை எனக் கருதி இந்த என்கொயரியை முடித்துக்கொள்கிறோம். தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி." எழுதும்போது ரொம்ப மரியாதையாக எழுதியதாகத்தான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "ஏனுங்க, நான் என்ன உங்ககிட்ட கடன் வாங்கிட்டு ஓடிட்டனா? நோட்டீஸ் அனுப்பறீங்க?" அந்தப் பவுண்டரிக்குள் இன்று வரைக்கும் நான் போகவில்லை.

அவர் சொன்னது சரிதான். அது நோட்டீஸ்தான். "பலமுறை தொடர்பு கொண்டும்" என்பதில் நான் எண்ணி வைத்திருக்கிறேன் என்பது தெரிகிறது. "பதில் வராத காரணத்தால்" என்பதில் குற்றம் யாருடையது என்பது தெரிகிறது. "பொன்னான நேரத்துக்கு" என்பதில் குத்தல் இருக்கிறது, நான் நினைத்து எழுதவில்லை என்றாலும் இருக்கிறது. இதையெல்லாம் விட முக்கியம், நேரில் "அண்ணா" என்று பேசுகிறவரை எழுத்தில் "தங்கள்" என்று கூப்பிட்டது. பேசிப் பழகிய மனுஷனிடம் திடீரென்று "தங்கள்" போட்டால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உறவு முறிந்தது, இனி வக்கீல் பேசுவார். மரியாதை கூடியது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கணபதிக்காரருக்கு எழுதியது இது. ஆவணி பிறந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, அதே வாட்ஸ்அப்பில், பழைய மெசேஜ்களுக்குக் கீழேயே:

"வணக்கங்ணா. பிப்ரவரியில் கொடுத்த 15 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர் கொட்டேஷன் பத்தி இது கடைசி மெசேஜ். இப்ப மெஷின் மாத்தற நேரம் இல்லைன்னு எடுத்துக்கிட்டு ஃபைலை மூடி வைக்கிறேங்ணா. இதுக்காக இனி போன் பண்ண மாட்டேன். இதுக்குப் பதிலும் போட வேண்டியதில்லை.

கொட்டேஷனில் இருக்கிற விலை முடிஞ்சு போச்சு. எப்ப தேவைப்பட்டாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்கு விலைக்குப் புதுசா போட்டுத் தர்றேன்.

அன்னைக்கு ராத்திரி எடுத்த லீக் கணக்கை எழுதித் தராம விட்டுட்டேன், அது என் தப்பு. 48 செகண்ட் ஓடுது, 102 செகண்ட் நிக்குது. காத்துல மூணுல ஒரு பங்கு வீணாகுது. மூணாவது மெஷினுக்குப் பின்னாடி இருக்கிற கப்ளிங், கிளீனிங் கன் ஹோஸ், டேங்க் டிரெயின் வால்வு, இந்த மூணையும் முதல்ல மாத்துங்க. புது மெஷின் வாங்கினாலும் வாங்காட்டியும், யாருகிட்ட வாங்கினாலும், இது உங்களுக்கு மிச்சம்.

பழைய கம்ப்ரசருக்கு ஏதாவதுன்னா இதே நம்பர்தாங்ணா."

அவ்வளவுதான். இதை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பெரும்பாலும் வெட்டுவதிலேயே போனது.

முதலில் வெட்டியது, ஏழு மாசத்துக் கதை. எத்தனை தடவை வந்தேன், எத்தனை போன், எதுவும் வேண்டாம். "இப்ப மெஷின் மாத்தற நேரம் இல்லை" என்பது நான் அவருக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த காரணம். நிஜக் காரணம் என்ன என்பது எனக்குத் தெரியாது. காசு இல்லாமல் இருக்கலாம், பங்காளித் தகராறாக இருக்கலாம், வேறு இடத்தில் பேசி முடித்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் "நேரம் இல்லை" என்பதற்குள் கௌரவமாக உட்கார்ந்துகொள்ள முடியும். நேரம் மாறக் கூடியது, அதனால் திரும்பி வரவும் வழி இருக்கிறது. "உங்களுக்கு விருப்பமில்லை" என்று எழுதினால் வரும்போது அவர் தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டு வர வேண்டும், அறுபது வயசு முதலாளிக்கு அது சிரமம்.

இரண்டாவது, கேள்வி. முதல் பிரதியில் கடைசி வரியாக "என்ன முடிவு எடுத்திருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்ணா" என்று இருந்தது. ஏழு மாசமாக அவரால் சொல்ல முடியாத அதே வார்த்தையைத்தான் மறுபடி கேட்கிறேன். எடுத்தேன். சில பேர் "1 என்றால் வேண்டாம், 2 என்றால் பிறகு பேசலாம், எண்ணை மட்டும் அனுப்புங்கள்" என்று போடுவார்கள். பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜருக்கு மெயிலில் அது எடுபடும், நானே போட்டிருக்கிறேன், அவருக்கு அது ஒரு வேலை, டிக் அடித்து அனுப்பிவிடுவார். சொந்தமாகத் தொழில் நடத்துகிறவருக்கு அப்படி அனுப்பினால் எல்.ஐ.சி. பாரம் நிரப்பச் சொன்ன மாதிரி இருக்கும்.

மூன்றாவது, டிஸ்கவுண்ட். எங்கள் மேனேஜர் "கடைசியா ஒரு 15,000 குறைச்சுப் போட்டுப் பாரேன்" என்றார். போடவில்லை. இதற்கு முன்னால் வேறொருவருக்கு அப்படிப் போட்டு, அவர் அந்த மெசேஜை அப்படியே படம் பிடித்து இன்னொரு டீலருக்கு அனுப்பி, அதற்குக் கீழே ஒரு விலை வாங்கிவிட்டார். அதை விட மோசம் வேறொன்று. கடைசி மெசேஜில் விலை இறங்கினால் அதுவரை சொன்ன விலையெல்லாம் பொய் என்று ஆகிவிடுகிறது. கதவை மூடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே காலை நடுவில் வைக்கிற வேலை அது.

லீக் கணக்கை மட்டும் வெட்டவில்லை. மெசேஜில் பாதி அதுதான் என்றாலும் விட்டு வைத்தேன், ஏனென்றால் மற்ற வரிகளைப் படித்து முடித்ததும் மறந்துவிடுவார், இந்த வரிகளுக்கு ஒரு உபயோகம் இருக்கிறது. அது அவர் யூனிட்டின் எண், வேறு யாருக்கும் பொருந்தாது. எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி "மின்சாரத்தை மிச்சப்படுத்த 10 வழிகள்" என்று ஒரு பி.டி.எப். அனுப்பியிருந்தால் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். லீக்கை அடைத்தால் அவருக்கு 15 எச்.பி. தேவையே இல்லாமல் போகலாம் என்பது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும். எழுதிக் கொடுக்காமல் விட்டதற்கு மறதி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை, பதினொரு மணி என்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து யூனிட்களில் சனிக்கிழமை கூலி நாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் முதலாளிகள் காசு புரட்டிக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் எந்த டீலர் மெசேஜும் கண்ணுக்கு வசூல் மெசேஜாகத்தான் தெரியும். திங்கள் ஆளும் மெஷினும் ஒழுங்குக்கு வர வேண்டும். செவ்வாயோ புதனோ, காலை டீ முடிந்த நேரம்தான் கொஞ்சம் நிதானமாகப் படிப்பார்கள்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம் என்பதும் என் கட்சி. குரலில் வருத்தம் ஒட்டிக்கொள்ளும், மறைக்க முடியாது. பத்து மாசம் கழித்து அந்த லீக் எண்ணைத் தேடுகிறவரும் வாய்ஸ் மெசேஜில் தேட முடியாது.

அனுப்பினேன். அன்று முழுக்க பதில் இல்லை, பதில் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு இருபது தடவை போனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு கும்பிடு மட்டும் வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. நான் திரும்ப எதுவும் போடவில்லை. அந்தக் கும்பிடைப் பார்த்ததும் "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா" என்று கேட்கக் கை பரபரத்தது உண்மை. கேட்டிருந்தால் மெசேஜ் மொத்தமும் தூண்டில் என்று ஆகியிருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் "ஸ்டாக் கிளியரன்ஸ், இன்னும் 3 நாள் மட்டும்" என்ற பேனரை மூன்று வருஷமாகக் கட்டி வைத்திருக்கிற கடைகள் உண்டு, அந்தக் கதைதான். கடைசி என்று எழுதினால் கடைசியாக இருக்க வேண்டும். பொங்கல் வாழ்த்துப் படத்தைக்கூட அவருக்கு மட்டும் அனுப்பாமல் விட்டேன், அது கொஞ்சம் ஓவர் என்று இப்போது தோன்றுகிறது.

ஆபீஸில்தான் சண்டை. திங்கட்கிழமை ரிவ்யூவில் என் எக்செல் ஷீட்டில் அந்த வரியைச் சிவப்பாக்கி "க்ளோஸ்டு" என்று போட்டிருந்ததைப் பார்த்து மேனேஜர், "நாலு லட்சம் பைப்லைன்ல இருந்து போகுதே" என்றார். எங்கே இருந்தது போவதற்கு? ஏழு மாசமாக "ஹாட்" என்று எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த மாசமே மிச்சமிருந்தவர்களில் ஆறு பேருக்கு இதே மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பினேன். ஒருவர் பத்து நிமிஷத்தில் "நாங்க மே மாசமே வேற இடத்துல வாங்கிட்டோங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று எழுதினார். அவருக்கு அந்த மெஷினில் பில்டர், ஆயில் மாற்றுகிற சர்வீஸ் இப்போது நான்தான் செய்து கொடுக்கிறேன். மூன்று பேர் சத்தமே இல்லை, இன்று வரை இல்லை. ஒருவர் மறுபடி "சொல்றேங்க" என்றார்.

ஆறாவது ஆள் விஷயத்தில் நான் செய்தது தப்பு. சின்னவேடம்பட்டியில் பவுடர் கோட்டிங் வைத்திருக்கிறவர். போனை எடுப்பார், "பேங்க்ல வியாழக்கிழமை வேல்யூவேஷனுக்கு வர்றாங்க, முடிஞ்சதும் பேசலாங்க" என்றிருந்தார். அதையும் "சொல்றேங்க" கணக்கில் சேர்த்து மூடி வைக்கிற மெசேஜைப் போட்டுவிட்டேன். அவர் உண்மையாகவே பேங்க்குக்கு அலைந்துகொண்டிருந்தார். "அவசரம்னா நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க தம்பி" என்று வருத்தமாகச் சொன்னார். நேரில் போய் மன்னிப்பு கேட்டு, கூடவே ப்ரொபார்மா இன்வாய்ஸைப் பேங்க் கேட்ட மாதிரி மாற்றிக் கொடுத்துத்தான் சரிக்கட்டினேன்.

அதற்கப்புறம் ஒன்று மட்டும் பார்க்கிறேன். அவர் பக்கத்தில் இருந்து ஒரு நாளும், ஒரு ஆளும், ஒரு வேலையும் சேர்ந்து வருகிறதா என்று. "பேங்க்ல கேட்டிருக்கோம்" என்பது நின்று போன பேச்சு. "வியாழக்கிழமை வேல்யூவேஷன்" என்பது நடந்துகொண்டிருக்கிற பேச்சு, எவ்வளவு மெதுவாக நடந்தாலும் சரி. அந்த வியாழக்கிழமை போய், அதற்கடுத்த வியாழக்கிழமையும் போய், புது தேதி சொல்லாமல் போனால்தான் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். இன்னொன்று, கொட்டேஷனைத் திருத்தித் திருத்திக் கேட்கிறவர். டிரையர் இல்லாமல் ஒன்று, டேங்க்கோடு ஒன்று, பழைய கம்ப்ரசரை எக்ஸ்சேஞ்ச் எடுத்தால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்து, போன் மட்டும் எடுக்க மாட்டார். இது உயிரோடு இருக்கிற பேச்சு மாதிரி தெரியும். பெரும்பாலும் வேறு யாரிடமோ விலை குறைக்க நம் பேப்பர் போய்க்கொண்டிருக்கும்.

கணபதிக்காரர் கூப்பிட்டது 2024 மே மாசம். அக்னி நட்சத்திர வெயில், மத்தியானம் இரண்டரை மணி. ஒன்பது மாசத்துக்கு அப்புறம் அந்தப் பேரை ஸ்கிரீனில் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், நேற்றுப் பேசி விட்ட மாதிரி ஆரம்பித்தார். "தம்பி, ஹெட் வால்வு போயிடுச்சு, ரெண்டாவது தடவை. நீங்க சொன்ன மூணு இடமும் அப்பவே மாத்திட்டங்க. அந்த மெசேஜ் இன்னும் வெச்சிருக்கேன், பிட்டர்கிட்ட அதைக் காட்டித்தான் வேலை வாங்கினேன்."

அங்கே போனபோது "அன்னைக்கே வாங்கியிருந்தா" என்று ஆரம்பிக்கக் கூடாது என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவரும் ஏழு மாசம் என்ன ஆனது என்று சொல்லவில்லை. பழைய கொட்டேஷனை எடுக்கவே இல்லை. முதலில் இருந்து ஆரம்பித்தோம். ஸ்பேர் வால்வு போட்டுக் கம்ப்ரசரை ஓட விட்டு, ராத்திரி மறுபடி லீக் டெஸ்ட் எடுத்தேன். இந்தத் தடவை 20 செகண்ட் ஓடி 160 செகண்ட் நின்றது. 180க்கு 20, பதினொரு சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகிறது. மெஷின் எண்ணிக்கை அதே ஏழு. அப்படியானால் 15 எச்.பி. தேவையில்லை, நாள் முழுக்க நிற்காமல் ஓடக் கூடிய 10 எச்.பி. ஸ்க்ரூ போதும் என்று சொன்னேன். விலை ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தது. மேனேஜர் முகத்தை இங்கே விவரிக்க வேண்டாம்.

புது கொட்டேஷனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், டிரையருக்கு ஏன் தனி விலை என்று கேட்டார், வண்டி வாடகையை நாங்கள் ஏற்க வேண்டும் என்றார், சரி என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சொல்றேங்க" என்றார்.

நாலாவது நாள் அட்வான்ஸ் அனுப்பிய பேங்க் ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார், அவர் போட்ட அந்தக் கும்பிடுக்கு நேர் கீழே.